டாக்டரிடம் ஒப்பித்த உடம்பு

எனக்கு எதையும் நடுவிலிருந்து சொல்ல வராது. பள்ளிக்கூடத்தில் செய்யுள் ஒப்பிக்கும்போதும் அப்படித்தான். முதல் வரியில் பிடித்தால் கடைசி வரி வரை மூச்சு விடாமல் போவேன். நாலாவது வரியைச் சொல் என்று கேட்டால் முழிப்பேன். மனசுக்குள் முதல் மூன்று வரியையும் ஓட்டிவிட்டுத்தான் நாலாவதுக்கு வர வேண்டும். அதனால் எனக்கு மார்க் குறைந்ததே இல்லை. மனப்பாடம் செய்தே இன்ஜினியரிங் முடித்து, மனப்பாடம் செய்தே இன்டர்வியூ பாஸாகி, நியூ ஜெர்சியில் ஒரு மருந்துக் கம்பெனியின் சாஃப்ட்வேரைச் சோதித்துப் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். இந்தப் புத்தியை யாராவது குறை சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

மகள் காலேஜுக்குப் போனதும் வீடு காலியாகிவிட்டது. கல்யாண நாளுக்கு இத்தாலி போகலாம் என்று இவர் டிக்கெட் போட்டார். போகிற ஊர் பாஷையில் நாலு வார்த்தை பேசத் தெரியாமல் போய் ஊமை மாதிரி நிற்பது எனக்குப் பிடிக்காது. பிரிட்ஜ்வாட்டரில் எங்கள் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு லைப்ரரியில் சாயங்கால வகுப்பு நடந்தது. போய்ச் சேர்ந்தேன். உடன் படித்தவர்கள் எல்லாம் ரிட்டயர் ஆனவர்கள், தாத்தா பாட்டி காலத்தில் இத்தாலியிலிருந்து கப்பலில் வந்த குடும்பத்துக்காரர்கள். சொல்லிக்கொடுத்த அம்மாள் அந்தக் காலத்தில் இத்தாலியில் நர்ஸாக இருந்தவர். ஹோட்டல், ரயில், காப்பிக் கடை எல்லாவற்றையும் சீக்கிரம் முடித்துவிட்டு, 'டாக்டரிடம்' என்ற பாடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார். வெளியூரில் உடம்புக்கு வந்தால்தான் பாஷை தேவைப்படும், காப்பியை விரலைக் காட்டிக்கூட வாங்கிவிடலாம் என்பது அவர் கட்சி.

பாடம் ஒன்றும் கஷ்டமில்லை. 'மி ஃபா மாலே' என்றால் எனக்கு வலிக்கிறது. பின்னால் உறுப்பைச் சேர்க்க வேண்டியதுதான். மி ஃபா மாலே லா தேஸ்தா, எனக்குத் தலை வலிக்கிறது. லா கோலா என்றால் தொண்டை, லா ஸ்கியேனா என்றால் முதுகு, இல் பெத்தோ என்றால் நெஞ்சு. இங்கிலீஷில் போல 'என் தலை' என்று சொல்ல வேண்டாம், வெறும் தலை போதும். நம்மைப் போலவே. காய்ச்சல் என்றால் அது இருக்கிறது என்று சொல்ல வேண்டும்: ஓ லா ஃபெப்ப்ரே. எத்தனை நாளாக என்பதற்கு முன்னால் ஒரு 'தா' போட வேண்டும்: தா துவே ஜோர்னி, இரண்டு நாளாக.

வகுப்பில் அந்த அம்மாள்தான் டாக்டர். நாங்கள் நோயாளி. நோயாளி பேச வேண்டியதை ஒரு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தார். டாக்டர், எனக்கு உடம்பு சரியில்லை. தலை வலிக்கிறது. இரண்டு நாளாகக் காய்ச்சல். தொண்டை வலிக்கிறது. இருமல் இருக்கிறது. இருமும்போது மூச்சு வாங்குகிறது. காலையில் ஒரு பாரசிட்டமால் போட்டேன். வேறு மருந்து எதுவும் சாப்பிடுவதில்லை. மற்றவர்கள் தட்டுத் தடுமாறி இதிலிருந்து ஒரு வரி, அதிலிருந்து ஒரு வரி என்று பொறுக்கினார்கள். நான் ஒரே வாரத்தில் முழுப் பக்கத்தையும் நெட்டுருப் போட்டேன்.

ஆபீஸுக்கு டிரைவ் பண்ணும்போது காரில் சத்தமாகச் சொல்லிப் பார்ப்பேன். இருநூற்று எண்பத்தேழாம் நம்பர் ரோட்டில் தினமும் நெரிசல். அதில் நின்றுகொண்டே எனக்குக் காய்ச்சல், எனக்குத் தொண்டை வலி என்று சொல்லிக்கொண்டிருப்பேன். சொல்லச் சொல்ல என் குரல் மாறியது. நான் வேண்டுமென்று மாற்றவில்லை. கொஞ்சம் மெல்லியதாக, இழுத்து, அந்த டீச்சரம்மாள் பேசுகிற மாதிரியும் இல்லாமல் என் மாதிரியும் இல்லாமல், யாரோ ஒருத்தி பேசுகிற குரல். ஒருநாள் பாடம் முடிந்து வாயை மூடிய பிறகு எச்சில் விழுங்கினேன், தொண்டை வலித்தது. பக்கத்து சீட்டைத் திரும்பிப் பார்த்தேன். என் ஹேண்ட்பேக்தான் இருந்தது. எதற்குத் திரும்பிப் பார்த்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

லீவுக்கு வந்திருந்த மகள், சமையலறையில் நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டே சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டு வந்து நின்றாள்.

"அம்மா, ஸ்டாப். இட்ஸ் க்ரீப்பி."

"என்னடி க்ரீப்பி? பாடம் படிக்கிறேன்."

"யூ டோன்ட் சவுண்ட் லைக் யூ. ரியலி சிக்கா இருக்கற மாதிரி இருக்கு."

நல்லா ஒப்பித்தால் அப்படித்தான் இருக்கும் என்றேன். எனக்கு உள்ளூரப் பெருமைதான்.

கிளம்புவதற்கு முன்னால் பிரிட்ஜ்வாட்டர் கோயிலில் ஒரு திருக்கல்யாணம். நாங்களும் சங்கல்பத்தில் உட்காருவதாகப் பேர் கொடுத்திருந்தோம். நாள் கணக்குப் பார்த்தால் சரியாக அன்றைக்குத்தான் எனக்கு வரும். இதற்கெல்லாம் நம் வீடுகளில் வழி உண்டு. ஊருக்குப் போய்விட்டு வரும்போது நாள் தள்ளிப்போடுகிற மாத்திரை நாலைந்து அட்டை வாங்கி வந்து அலமாரியில் வைத்திருப்போம். நோன்பு, கல்யாணம், கிரகப்பிரவேசம் எதுவானாலும் அதுதான் கை கொடுக்கும். நான் போட ஆரம்பித்தேன். திருக்கல்யாணம் முடிந்தது. சரி, இத்தாலியில் போய் அந்த அவஸ்தை எதற்கு என்று நிறுத்தாமல் தொடர்ந்து போட்டேன். எந்த டாக்டரையும் கேட்கவில்லை. எங்கள் யாருக்கும் அது மருந்தே இல்லை. அலமாரியில் பெருங்காயம் இருக்கிற மாதிரி அது இருக்கும்.

நுவார்க்கிலிருந்து ரோம் போகிற விமானத்தில் எனக்கு ஜன்னல் சீட். நடுவில் இருந்த இவர் ஏறியதும் தூங்கிவிட்டார், அவருக்கு அடுத்தவரும் தூங்கிவிட்டார். இரண்டு பேரை எழுப்பிப் போய் வர வேண்டுமே என்று தண்ணீரே குடிக்காமல், காலை மடக்கியபடி உட்கார்ந்தே போனேன். ரோமிலிருந்து வாடகைக் காரில் தெற்கே, ஒரு மலை மேல் இருக்கிற சின்ன ஊருக்கு. ஊர் பூராவும் கல் வீடு, கல் படி. கார் ஊருக்கு வெளியே நின்றுவிட வேண்டும். மறுநாள் இடது கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. படி ஏறினதில் வந்த வலி என்று நினைத்தேன். அதற்கு மறுநாள், சனிக்கிழமை, காலையில் எழுந்தபோது மூச்சு இழுத்தால் வலப்பக்க விலாவுக்குப் பின்னால் ஊசி குத்தியது. நாலு படி ஏறினால் நின்று மூச்சு வாங்கினேன்.

இவர் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். "ஜுரமெல்லாம் இல்ல. கேஸா இருக்கும்."

"உங்களுக்கு எல்லாமே கேஸ்தான்" என்றேன்.

நாங்கள் தங்கியிருந்த வீட்டுக்காரம்மா, மத்தியானம் சாப்பிடாமல் நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, சனி ஞாயிறில் ஊர் டாக்டர் இருக்கமாட்டார், ஆனால் டூட்டி டாக்டர் ஒருவர் இருப்பார், அதற்குக் 'க்வார்தியா மேதிகா' என்று பெயர், கீழே சதுக்கத்துக்குப் பக்கத்தில், போய் மணியை அடியுங்கள் என்று வழி சொன்னார். இப்போதேவா போகிறீர்கள் என்று கேட்டு ஜன்னல் கதவை இழுத்துச் சாத்தினார். மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம் அந்தப் பக்கத்து ஊர்களில் யாரும் வெளியே வரமாட்டார்கள். அந்த நேரத்துக்கே தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள். கொந்த்ரோரா. ஆகாத நேரம் என்கிற மாதிரி. நம்மூரில் உச்சி வேளையில் தனியாகப் போகாதே என்பார்களே, அதே நேரம்.

நாங்கள் இறங்கிப் போனோம். தெருவில் ஒரு ஆள் இல்லை. எல்லா ஜன்னலிலும் பச்சை மரப்பலகைகள் மூடியிருந்தன. எங்கள் செருப்புச் சத்தம் சுவரில் பட்டு, எங்களுக்குப் பின்னால் இன்னும் யாரோ இறங்குவது மாதிரித் திரும்பி வந்தது. இவர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். நான் பார்க்கவில்லை. நான் உள்ளுக்குள் பாடத்தை முதலிலிருந்து ஓட்டிக்கொண்டிருந்தேன்.

மணியை அடித்தோம். ரொம்ப நேரம் கழித்துக் கதவு திறந்தது. முப்பது முப்பத்தைந்து வயது டாக்டர், கண்ணாடி போட்டவர், தனியாக இருந்தார். உள்ளே காலி நாற்காலிகள் வரிசையாகக் கிடந்தன. எங்களைப் பார்த்ததும், "இங்கிலீஷ்? லிட்டில் இங்கிலீஷ்" என்று பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் கிட்டத்தில் வைத்துக் காட்டினார். அதோடு நான் விட்டிருக்க வேண்டும். இவ்வளவு படித்துவிட்டு இங்கிலீஷிலா பேசுவேன்? எனக்கு இத்தாலியன் தெரியும் என்று இத்தாலியனிலேயே சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. உட்காரச் சொல்லி, "மி தீக்கா" என்றார். சொல்லுங்கள்.

நான் சொல்ல நினைத்தது விலாவையும் மூச்சையும்தான். வாயைத் திறந்தேன். வந்தது முதல் வரி. எனக்கு உடம்பு சரியில்லை, டாக்டர். அதற்கு அடுத்தது தலைவலி. எனக்குத் தலைவலி இல்லை. சரி, சொல்லிவிட்டுத் தாண்டிப் போய்விடுவோம், மூச்சு ஆறாவது வரியில் வருகிறது, அதைப் பிடிக்க வேண்டுமானால் இதையெல்லாம் கடந்துதான் ஆக வேண்டும் என்று நினைத்தேன். அது நினைப்புக்கூட இல்லை, பழக்கம். இரண்டு நாளாகக் காய்ச்சல். தொண்டை வலி. இருமல். ஒரு இடத்திலும் தடுக்கவில்லை. இருமும்போது மூச்சு வாங்குகிறது என்ற வரி வந்தபோது, அப்பாடா, சொல்லியாச்சு என்று எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. காலையில் பாரசிட்டமால் போட்டேன். வேறு மருந்து எதுவும் சாப்பிடுவதில்லை.

பாதியிலேயே எனக்கு அது கேட்டுவிட்டது. காரில் கேட்ட அதே குரல். நான் ஒரு பக்கம் உட்கார்ந்திருந்தேன், அந்தக் குரல் இன்னொரு பக்கத்திலிருந்து வந்தது. டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டார். அவர் என்னைப் பார்க்கவில்லை, என் வாயிலிருந்து பேசிக்கொண்டிருந்த அந்தக் காய்ச்சல்காரியைப் பார்த்தார். அவளுக்கு எங்கே வலிக்கிறது, எத்தனை நாளாக என்று அத்தனையும் ஒழுங்காகத் தெரிந்திருந்தது. எனக்கு வியர்த்தது. நிறுத்தப் பார்த்தேன். நிறுத்தினால் அதற்கப்புறம் ஒரு வார்த்தையும் வராது என்று பயமாக இருந்தது.

காதில் வைத்து டெம்பரேச்சர் பார்த்தார். காய்ச்சல் இல்லை. பாரசிட்டமால் போட்டிருக்கிறாளே, அதனால் இறங்கியிருக்கும் என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும், தலையை ஆட்டினார். வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துத் தொண்டையைப் பார்த்தார். முதுகில் ஸ்டெதஸ்கோப் வைத்து மூச்சு இழுக்கச் சொன்னார். இழுத்தேன், குத்தியது, முகம் சுளித்தேன். அவர் பின்னால் நின்றதால் அது தெரியவில்லை. விரலில் ஆக்ஸிஜன் பார்க்கிற கிளிப் மாட்டினார். நம்பரைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினார். பிறகு, "லா தோஸ்ஸே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். இருமல். காய்ச்சல்காரி சொன்னதெல்லாம் ஒன்றோடொன்று பொருந்தி வந்தது. பொருந்தாதது நான் மட்டும்தான்.

நான் சரளமாகப் பேசுவதாக நினைத்து அவரும் வேகமாகப் பேச ஆரம்பித்தார். எனக்குப் பாதி புரிந்தது. ஃப்ளூ, தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், மாத்திரை, படுத்துத் தூங்க வேண்டும், மோசமானால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எல்லாவற்றுக்கும் ஸி, ஸி என்று தலையாட்டினேன். புரியவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வருமா? காலைப் பற்றி நான் சொல்லவே இல்லை. அது பாடத்தில் இல்லை.

வெளியே வந்தோம். கதவு சாத்திக்கொண்டது. வெயிலில் கண் கூசியது. சதுக்கத்தில் இன்னும் யாரும் வரவில்லை. எச்சில் விழுங்கினேன். தொண்டை வலித்தது. சத்தியமாக வலித்தது. நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், சுட்டது. வெயிலாக இருக்கலாம். உள்ளே போனவள் நான், வெளியே வந்தவள் அவளோ என்று ஒரு நினைப்பு வந்தது.

"ஜுரம்னு சொன்னியா?" என்றார் இவர். "ஃபெப்ரேன்னு என்னமோ சொன்ன. ஃபீவரா?"

"உங்களுக்கு இத்தாலியன் தெரியுமா?"

"இல்ல, உனக்கு ஜுரம் இல்லையேன்னுதான்..."

"டாக்டர் பாத்துட்டார் இல்ல? விடுங்க."

படி ஏற ஆரம்பித்தோம். முதல் திருப்பம்கூட வரவில்லை. நெஞ்சுக்குள் காற்று போகவில்லை. வாயைத் திறந்தேன், போகவில்லை. கல் படியில் உட்கார்ந்துவிட்டேன். கண் முன்னால் அந்தப் பச்சைப் பலகைகள் எல்லாம் ஒன்றாகக் கலந்தன. இவர் ஏதோ கேட்கிறார், உதடு அசைகிறது, குரல் தூரத்தில் கேட்கிறது. செத்துப்போகப் போகிறேன் என்று நினைத்தேன். ரூமுக்குப் போய் டாக்டர் சொன்ன மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்தால் எழுந்திருக்கமாட்டேன் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. கீழே கையைக் காட்டினேன். இவர் என்னை அணைத்துப் பிடித்துக்கொண்டு திரும்ப இறக்கினார். மணியில் வைத்த விரலை அவர் எடுக்கவே இல்லை.

டாக்டர் கதவைத் திறந்து எங்களை மறுபடி பார்த்ததும் ஏதோ கேட்டார். நான் முதல் வரியை ஆரம்பித்தேன். கேளுங்கள், அப்போதும் ஆரம்பித்தேன். 'நொன் மி' என்பதோடு மூச்சு தீர்ந்துவிட்டது. ஒரு முழு வரி சொல்ல உள்ளே காற்று இல்லை. அவர் என்னை இன்னொரு நாற்காலியில் உட்காரவைத்துக் குனிந்து, "தோவே?" என்றார். எங்கே?

கையை எடுத்து விலாவுக்குப் பின்னால் வைத்தேன். "க்வி." இங்கே.

மூச்சு இழுத்துக் காட்டினேன். "க்வாந்தோ ரெஸ்பீரோ." மூச்சு விடும்போது.

"தா க்வாந்தோ?" எப்போதிலிருந்து?

"ஓஜ்ஜி." இன்றைக்கு. பிறகு குனிந்து இடது கெண்டைக்காலைப் பிடித்தேன். அதற்கு இத்தாலியனில் என்ன பேர் என்று எனக்குத் தெரியாது. "க்வி. யேரி." இங்கே, நேற்று.

அவர் கை அப்படியே நின்றது. சட்டென்று மண்டி போட்டு என் சுடிதார் காலை முழங்கால் வரை ஏற்றினார். இரண்டு கெண்டைக்கால்களையும் இரண்டு கைகளால் பிடித்துப் பார்த்தார். இடது பக்கம் வீங்கி, சிவந்து, பளபளவென்றிருந்தது. இரண்டு நாளாக அது என் உடம்பில்தான் இருக்கிறது, நான் பார்க்கவே இல்லை. அவர் விரலால் அழுத்தினார். நான் தமிழில் அம்மா என்றேன்.

"விமானம்?" என்று கையை விமானம் மாதிரி வைத்துக் கேட்டார். ஆமாம் என்றேன். அப்புறம் ஒவ்வொன்றாகக் கேட்டார். தொண்டை? நோ. இருமல்? நோ. தலைவலி? நோ. காய்ச்சல்? நோ. ஒவ்வொரு நோவுக்கும் அவர் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அப்புறம் மெதுவாக, என்னைக் கேட்கிற மாதிரியும் இல்லாமல், ஒன்று கேட்டார்.

"அல்லோரா, கி ஆ லா ஃபெப்ப்ரே?"

அப்படியானால் காய்ச்சல் யாருக்கு?

கால் மணி நேரத்துக்கு முன்னால் நான் உட்கார்ந்து ஒப்பித்த நாற்காலி மேஜைக்குப் பக்கத்தில் இருந்தது. நான் அதைப் பார்த்தேன். அவரும் திரும்பி அதைப் பார்த்தார். இவரும் பார்த்தார். மூன்று பேரும் ஒரு காலி நாற்காலியைப் பார்த்தோம். அந்த அறையில் அப்போது நான்கு பேர் இருந்தோம் என்று யாராவது சொல்லியிருந்தால் மறுத்துப் பேசியிருக்கமாட்டேன்.

டாக்டர்தான் முதலில் அசைந்தார். ஒரு கையால் போனை எடுத்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டபடியே மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். நோ என்றேன். இப்போது ஒப்பிக்கவில்லை, நிஜமாகவே நோ என்றுதான் நினைத்தேன். அவர் விடவில்லை. "பில்? ஹார்மோன்?" என்று தன் லிட்டில் இங்கிலீஷில் கேட்டார். இரண்டு ஆண்களுக்கு நடுவில் எனக்கு அதைச் சொல்லக் கூச்சம். உயிர் போகிற நேரத்திலும் கூச்சம். கடைசியில் ஹேண்ட்பேக்கைத் திறந்து அட்டையை எடுத்து மேஜையில் வைத்தேன். அவர் அதைத் திருப்பி, பொடி எழுத்தில் இருந்த மருந்தின் பேரைப் படித்துவிட்டுக் கண்ணை ஒரு தரம் மூடித் திறந்தார். அட்டையைத் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். என்னை எழுந்திருக்க விடவில்லை. ஆம்புலன்ஸ் வரும் வரை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

கீழே பெரிய ஊர் ஆஸ்பத்திரியில் எமர்ஜென்ஸிக்குள் போகும்போது ஆரஞ்சு நிறம், அவசரக் கேஸ் என்றார்கள். காத்திருக்க வைக்கவில்லை. கையில் ஊசி ஏற்றி, உடம்பெல்லாம் சூடாக ஓடுகிற ஒரு மருந்தைச் செலுத்தி, ஸ்கேன் மெஷினுக்குள் தள்ளினார்கள். காலில் ரத்தம் உறைந்து, அதிலிருந்து ஒரு துண்டு கிளம்பிப் போய் நுரையீரலில் அடைத்திருக்கிறது. எம்போலியா என்றார்கள். மாத்திரையும், அசையாமல் உட்கார்ந்து வந்த விமானமும் சேர்ந்து செய்த வேலை. வயிற்றில் ஊசி போட்டார்கள். மூக்கில் ஆக்ஸிஜன். ராத்திரிக்குள் இன்னொரு துண்டு வந்திருந்தால் என்று அங்கிருந்த டாக்டர் ஆரம்பித்து, இவர் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

மறுநாள் காலையில் கண் விழித்தபோது இவர் கட்டிலுக்குப் பக்கத்தில் அதே சட்டையோடு உட்கார்ந்திருந்தார். தூங்கின முகமாக இல்லை.

"நேத்து முதல்ல உள்ள போனோமே," என்றார். "நீ பேசிட்டிருந்த இல்ல? எனக்கு அது நீ மாதிரியே இல்ல. வேற யாரோ உக்காந்து பேசற மாதிரி இருந்துது. எப்ப நீ வருவேன்னு பாத்துட்டு நின்னேன்."

அந்தக் குரலைப் பற்றி நான் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

"ஜுரம் இல்லன்னு எனக்குத் தெரியும். காலைல நான்தான் தொட்டுப் பாத்தேன். டாக்டர்கிட்ட சொல்லணும்னு வாய் வரைக்கும் வந்துது."

"அப்புறம் ஏன் சொல்லல?"

அவர் போர்வையின் ஓரத்தை இழுத்துச் சரி செய்தார். "நீ திட்டுவியேன்னுதான்."

கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. இருபத்திரண்டு வருஷமாக உடம்பு எப்படி இருக்கு என்று இவர் கேட்டபோதெல்லாம், எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன், உங்க வேலையைப் பாருங்க என்று ஒரே பதிலைத் தடங்கலில்லாமல் சொல்லியிருக்கிறேன். மகள் பிறந்த அன்றைக்குக்கூட அதைத்தான் சொன்னேன். மூச்சு மெதுவாக உள்ளே போனது. போன இடத்தில் குத்தியது. அவர் கையை எடுத்து விலாவுக்குப் பின்னால், குத்துகிற இடத்தில் வைத்தேன்.

"இங்கதாங்க," என்றேன். "வலிக்குது. ரொம்பப் பயமா இருக்கு."

சொன்னது என் குரல்தான். இவர் கையை எடுக்காமல் குனிந்து, அப்போதுதான் அழுதார்.